உஷார்! பெட்டிக்கு எவ்வளவு லாபம் என்று பார்த்தால் மாதம் கையைக் கடிக்கும்

கேமரன் மலையில் தேயிலை பொதி கட்டி விற்கும் எவரும் இந்த மாத உற்பத்திப் பட்டியலில் கையெழுத்துப் போடுவதற்கு முன் சற்று நிறுத்துங்கள். பட்டியலின் மேல் வரியில் எந்தச் சரக்கு இருக்கிறது? பெட்டி ஒன்றுக்கு அதிக லாபம் தரும் சரக்கு என்பதால் அது மேலே இருக்கிறதா? அப்படியானால் ஆபத்து. மெஷின் நேரம் போதாத மாதத்தில் அந்த வரிசை உங்கள் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடக்கூடும். கணக்குப் புத்தகத்தில் அது நஷ்டமாகத் தெரியாது. எல்லாச் சரக்கும் லாபத்தில்தான் ஓடுவதுபோல இருக்கும். அதனால்தான் இவ்வளவு பதறிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த மலையில் தட்டுப்பாடு புதிதல்ல. 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியபோதும், 1933-ல் பாரத் தோட்டம் தொடங்கியபோதும், காட்டை வெட்டவும் கன்று நடவும் கொழுந்து கிள்ளவும் கை வேண்டியிருந்தது. அந்தக் கைகளில் பெரும்பாலானவை தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களுடையவை. எத்தனை கை இருக்கிறதோ அத்தனை கொழுந்துதான். இன்று அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வருகிறவர்களை நம்பியே மலை ஓடுகிறது. கொழுந்து வெட்டவும் மெஷின் வந்துவிட்டது. ஆக, முன்பு கை குறைந்ததால் வந்த தட்டுப்பாடு இப்போது மெஷின் ஓடும் நேரத்துக்கு வந்து நிற்கிறது. கணக்கு எழுதும் முறை மட்டும் மாறவில்லை.

சட்டமும் நேரத்தைச் சுருக்கியிருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் மலேசியாவில் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. தொழிலாளிக்கு இது நியாயமான ஓய்வு, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் ஒரே குழுவை வைத்து ஒரே மெஷினை ஓட்டுகிறவருக்கு மாதச் சராசரி 208 மணியிலிருந்து 195 மணியாக இறங்கியது. அந்த 13 மணி நேரம் எந்தச் சரக்கிலிருந்து போனது என்று எத்தனை பேர் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள்?

ஒரு மாதத்தை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். தொழிற்சாலை எந்த ஒரு நிறுவனத்துடையதும் அல்ல. எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் எண்களை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள்.

டீ பேக் மெஷின் ஒன்றே ஒன்று. ஓவர்டைம் கொஞ்சம் சேர்த்து, கழுவித் துடைக்கும் நேரத்தைக் கழித்தால், மாதம் 200 மணி ஓடும். மூன்று சரக்கு. முதலாவது உறைப்பெட்டி: 25 பை, ஒவ்வொன்றும் தனித்தனி காகித உறைக்குள் இருக்கும். ஓட்டல் அறையிலும் பரிசுக் கூடையிலும் காண்பது இதுதான். இரண்டாவது நூல்பெட்டி: அதே 25 பை, நூலும் சீட்டும் உண்டு, தனி உறை கிடையாது. மளிகைக் கடை அலமாரிச் சரக்கு. மூன்றாவது கடைப்பெட்டி: நூல் இல்லாத 50 பை, சாப்பாட்டுக் கடைகளுக்குப் போவது.

உறைப்பெட்டியை விநியோகஸ்தருக்கு 8 ரிங்கிட்டுக்குக் கொடுக்கிறோம். தூள், வடிகட்டித் தாள், உறை, அட்டை, ஏற்றுக்கூலி என்று அந்தப் பெட்டியைச் செய்தால் மட்டுமே வரும் செலவு 3.80. மீதி 4.20. இந்த மீதியைத்தான் கணக்கில் பங்களிப்பு என்கிறோம். வாடகை, மாதச் சம்பளம், கடன் தவணை போன்ற நிலைச் செலவை அடைக்க ஒவ்வொரு பெட்டியும் கொண்டுவந்து போடுகிற தொகை அது. நூல்பெட்டி 5.20-க்கு விற்கிறது, அதற்கான செலவு 2.80, பங்களிப்பு 2.40. கடைப்பெட்டி 7.60-க்கு விற்கிறது, செலவு 4.40, பங்களிப்பு 3.20.

பெட்டிக்கு எவ்வளவு என்று பார்த்தால் உறைப்பெட்டி முதலிடம், நூல்பெட்டி கடைசி. விற்பனை விலையில் நூற்றுக்கு எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தாலும் உறைப்பெட்டியே முதலிடம். விற்பனைக்காரரும் அதையே சொல்வார், முதலாளியும் அதையே நம்புவார்.

இப்போது மெஷின் பக்கத்தில் போய் நில்லுங்கள். உறை போடும் பகுதியை இணைத்தால் மெஷின் தவழ்கிறது. மணிக்கு 100 உறைப்பெட்டிதான் வருகிறது. உறையைக் கழற்றிவிட்டு நூல்பெட்டி ஓட்டினால் மணிக்கு 240. கடைப்பெட்டி மணிக்கு 150. இந்த வேகத்தால் பங்களிப்பைப் பெருக்கிப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு உறைப்பெட்டி கொண்டுவருவது 420 ரிங்கிட். கடைப்பெட்டி 480. கடைசி இடத்தில் கிடந்த நூல்பெட்டி 576.

வரிசை தலைகீழாகிவிட்டது. இதில் தந்திரம் எதுவும் இல்லை. நமக்குப் பஞ்சமாக இருப்பது பெட்டி அல்ல, மணி. பஞ்சமான பொருளின் ஒவ்வோர் அலகுக்கும் எவ்வளவு வருகிறது என்றுதான் கேட்க வேண்டும்.

சந்தை கேட்பது எவ்வளவு? உறைப்பெட்டி 8,000, அதற்கு 80 மணி. கடைப்பெட்டி 12,000, அதற்கும் 80 மணி. நூல்பெட்டி 24,000, அதற்கு 100 மணி. மொத்தம் 260 மணி வேண்டும், இருப்பது 200. எதையோ 60 மணிக்கு வெட்டியாக வேண்டும்.

பழைய வரிசைப்படி போனால் உறைப்பெட்டி முழுக்க, கடைப்பெட்டி முழுக்க, மிஞ்சும் 40 மணி நூல்பெட்டிக்கு. பங்களிப்பு 33,600, 38,400, 23,040. கூட்டினால் 95,040 ரிங்கிட். மணிக்கணக்கு வரிசைப்படி போனால் நூல்பெட்டி முழுக்க, கடைப்பெட்டி முழுக்க, மிஞ்சும் 20 மணி உறைப்பெட்டிக்கு. அப்போது 57,600, 38,400, 8,400. மொத்தம் 1,04,400. வித்தியாசம் 9,360 ரிங்கிட். அதே மெஷின், அதே ஆள், அதே மாதம். நிலைச் செலவு 60,000 என்று வைத்தால் ஒரு வரிசையில் லாபம் 35,040, மற்றதில் 44,400. ஒவ்வொரு மாதமும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது இந்த வித்தியாசம்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நிலைச் செலவைப் பெட்டி தலைக்குப் பங்கிட்டு எழுதும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. 60,000-ஐச் சந்தை கேட்கும் 44,000 பெட்டிக்கும் பிரித்தால் தலைக்கு 1.36. அதைக் கழித்துவிட்டால் உறைப்பெட்டி லாபம் 2.84, கடைப்பெட்டி 1.84, நூல்பெட்டி வெறும் 1.04. அறிக்கையைப் பார்க்கிறவர் என்ன சொல்வார்? “இந்த நூல்பெட்டியை நிறுத்திடுங்கப்பா, ஒரு வெள்ளிக்காக எதுக்கு இவ்வளவு அலைச்சல்?” நிறுத்தினால் என்ன ஆகும்? மற்ற இரண்டும் சேர்ந்து 160 மணிதான் கேட்கின்றன. 40 மணி மெஷின் சும்மா நிற்கும். பங்களிப்பு 72,000, நிலைச் செலவு அதே 60,000, லாபம் 12,000. நூல்பெட்டியை நிறுத்தியதால் வாடகையும் சம்பளமும் ஒரு காசுகூடக் குறையவில்லை. 44,400 வந்திருக்க வேண்டிய இடத்தில் 12,000. நிலைச் செலவைப் பங்கிட்டு எழுதிய தாளைப் பார்த்து எந்தச் சரக்கையும் நிறுத்தாதீர்கள். அந்தப் பங்கீடு ஆண்டுக் கணக்கில் சரக்கிருப்பை மதிப்பிட உதவும். எதை ஓட்டுவது என்ற முடிவில் அதற்கு இடமே இல்லை.

வேகத்தை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் விழிப்பு வேண்டும். மெஷின் விற்றவரின் தாளில் இருக்கும் வேகத்தை எடுக்காதீர்கள். நூல் அறுந்து நின்றது, தாள் சுருள் மாற்றியது, சீட்டு ஒட்டாமல் கழித்த பெட்டிகள் எல்லாம் போக, ஒரு ஷிப்டில் நல்ல பெட்டி எத்தனை வெளியே வந்தது என்பதே வேகம். அதைப் பதிவேட்டில் ஷிப்ட் வாரியாக எழுதியிருக்க வேண்டும். உறை போடும் பகுதி அடிக்கடி சிக்குகிறது என்றால் மணிக்கு 100 என்று எழுதியது நிஜத்தில் 80 ஆக இருக்கலாம். அப்போது அதன் மணி மதிப்பு 420 அல்ல, 336.

வாசனைத் தேநீர் ஓட்டுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இஞ்சி ஓடிய மெஷினில் அப்படியே சாதாரணத் தூளைப் போட முடியாது. வாசம் ஒட்டிக்கொள்ளும். கழுவித் துடைத்து, தாள் மாற்றி, முதல் சில பெட்டிகளைத் தள்ளிவிட்டு மறுபடி பிடிக்க இரண்டு மணி ஆகிறது என்று வையுங்கள். உறைப்பெட்டியை நான்கு வாசனையில், வாசனைக்கு 500 பெட்டி என்று ஓட்டினால், ஒவ்வொரு 500-க்கும் ஐந்து மணி ஓட்டம், இரண்டு மணி சுத்தம். ஏழு மணிக்கு 2,100 ரிங்கிட். மணிக்கு 300 மட்டுமே. அந்த இரண்டு மணியை “பராமரிப்பு” என்ற பொதுத் தலைப்பில் எழுதிவிட்டால் வாசனைத் தேநீர் 420 சம்பாதிப்பதுபோலவே தெரியும். சுத்தம் செய்யும் நேரம் யாரால் வந்ததோ அந்தச் சரக்கின் தலையில் எழுதுங்கள். தொகுதியைப் பெரிதாக்கி, மாதத்துக்கு ஒரு முறை ஒரு வாசனை என்று ஓட்ட முடிந்தால், போன மணியில் ஒரு பகுதி திரும்பி வரும்.

இதுவரை சொன்னது வெயில் மாதக் கணக்கு, டீ பேக் மெஷின்தான் தட்டுப்பாடு என்று நம்பிச் சொன்னது. அந்த நம்பிக்கையே பொய்யாகிற மாதம் வரும். அதற்குத்தான் மிகவும் உஷாராக இருக்க வேண்டும்.

மலையில் மழைக்காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி அக்டோபர், நவம்பரிலும் மழை கொட்டும். கொழுந்து திமுதிமுவென்று வரும், ஈரத்தோடு வரும். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். வாட்டும் தொட்டியில் காற்றடித்து அதைக் குறைத்து, உருட்டி, நிறம் மாற விட்டு, பிறகு ட்ரையரில் போட்டு மூன்று சதவீத ஈரத்துக்குக் கொண்டுவர வேண்டும். மழை நாளில் வெளிக்காற்றே ஈரம். வாட்டல் சரியாக ஏறாது.

வாட்டிய கொழுந்தில் 65 சதவீத ஈரம் இருந்தால், ஒரு கிலோ தூள் எடுக்க ட்ரையர் ஏறக்குறைய 1.8 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். வாட்டல் கெட்டு 72 சதவீத ஈரத்தோடு வந்தால் அதே ஒரு கிலோ தூளுக்கு 2.5 கிலோ தண்ணீர். ட்ரையர் ஒரு மணி நேரத்தில் ஆவியாக்கக்கூடிய தண்ணீருக்கு ஓர் அளவு உண்டு. அதனால் மணிக்கு 100 கிலோ தூள் கொடுத்த ட்ரையர் 72 கிலோதான் கொடுக்கும். ஈரத்தில் ஏழு சதவீதம் ஏறியது, உற்பத்தியில் 28 சதவீதம் விழுந்தது. அவசரத்தில் தட்டை வேகமாக ஓட்டினால் தூள் ஈரமாக இறங்கி மூட்டையிலேயே பூசணம் பிடிக்கும். கொழுந்தைக் காத்திருக்க வைத்தாலும் கெடும். அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்க முடியாது.

அப்போது தட்டுப்பாடு பொதி கட்டும் அறையில் இல்லை. ட்ரையர் வாயில் இருக்கிறது. பொதி மெஷின் தூளுக்காகக் காத்து நிற்கும். இனி மெஷின் மணிக்கு எவ்வளவு என்ற கேள்வி பயனற்றது. ட்ரையர் மணிக்கு எவ்வளவு, அதாவது தூள் கிலோவுக்கு எவ்வளவு என்றுதான் கேட்க வேண்டும். மூன்று சரக்குக்கும் ஒரே தூள்தான் என்பதால் இரண்டும் ஒன்றே.

நம் மூன்று பெட்டிக்கும் பைக்கு 2 கிராம் தூள். உறைப்பெட்டியில் 50 கிராம், நூல்பெட்டியில் 50 கிராம், கடைப்பெட்டியில் 100 கிராம். கிலோவுக்குப் பங்களிப்பு உறைப்பெட்டியில் 84 ரிங்கிட், நூல்பெட்டியில் 48, கடைப்பெட்டியில் 32. உறைப்பெட்டி மறுபடியும் மேலே வந்துவிட்டது. வெயில் மாதத்தில் கடைசியில் நின்ற அதே சரக்கு!

சந்தை கேட்கும் மொத்தத் தூள் 2,800 கிலோ. மழையில் ட்ரையர் கொடுத்தது 1,800 கிலோ, முந்தைய கையிருப்பு எதுவும் இல்லை என்று வைப்போம். வெயில் மாத வரிசையை மாற்றாமல் ஓட்டினால் நூல்பெட்டிக்கு 1,200 கிலோ, மிச்சம் 600 கிலோ கடைப்பெட்டிக்கு, உறைப்பெட்டிக்கு ஒன்றுமில்லை. பங்களிப்பு 76,800. கிலோ வரிசைப்படி ஓட்டினால் உறைப்பெட்டிக்கு 400 கிலோ, நூல்பெட்டிக்கு 1,200, மிச்சம் 200 கிலோ கடைப்பெட்டிக்கு. பங்களிப்பு 97,600. வித்தியாசம் 20,800 ரிங்கிட். பெட்டிக்கணக்கு பார்த்தவர் வெயில் மாதத்தில் இழந்ததைவிட, மணிக்கணக்கைக் கற்றுக்கொண்டு அதைக் கண்ணை மூடிப் பின்பற்றியவர் மழை மாதத்தில் இரண்டு மடங்குக்கு மேல் இழக்கிறார். அரைகுறையாகக் கற்ற சூத்திரம் கற்காததைவிடக் கொடியது.

தட்டுப்பாடு எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எந்த மெஷினுக்கு முன்னால் சரக்கு குவிகிறதோ, எதற்குப் பின்னால் ஆட்கள் வேலையில்லாமல் நிற்கிறார்களோ, அதுதான். இஸ்ரேலைச் சேர்ந்த எலியாஹு கோல்ட்ராட் 1984-ல் ஒரு நாவலாகவே எழுதி உலகம் முழுக்கப் பரப்பிய கருத்து இது: அந்த ஓர் இடத்தில் இழந்த மணி தொழிற்சாலை முழுக்க இழந்த மணி. மற்ற இடத்தில் மிச்சப்படுத்திய மணி மிச்சமே அல்ல. பொதி அறையில் தூள் மூட்டை மலைபோல் குவிந்தால் பொதி மெஷின் தட்டுப்பாடு. மூட்டை அடுக்கு காலியாக இருந்து, உள்ளே கொழுந்து தேங்கி நெடி அடித்தால் ட்ரையர் தட்டுப்பாடு. கொழுந்துத் தொட்டியும் காலி என்றால் கொழுந்து வெட்டும் ஆள்தான் தட்டுப்பாடு. 2020-ல் எல்லை மூடி, வெளிநாட்டுத் தொழிலாளர் வரவு நின்ற காலத்தில் மலேசியத் தோட்டங்கள் ஆளில்லாமல் தவித்தன. அந்த நிலையில் ஆள் மணி ஒன்றுக்கு எவ்வளவு என்று பார்க்காமல் மெஷின் மணி பார்த்தால் பயனில்லை.

சில மாதங்களில் இரண்டும் சேர்ந்து இறுக்கும். தூள் 2,000 கிலோ என்று வையுங்கள். கிலோ வரிசைப்படி போட்டால் 206 மணிக்கு மேல் கேட்கும், இருப்பது 200. மணி வரிசைப்படி போட்டாலோ 2,500 கிலோ கேட்கும், இருப்பது 2,000. எந்த ஒற்றை வரிசையும் சரிவராது. இங்கே வகுத்துப் பார்த்து முதலிடம் கொடுக்கும் முறை நின்றுவிடுகிறது, நேரியல் திட்டமிடல் வேண்டும். இந்தக் கணிதம் பிறந்ததே இப்படி ஓர் இக்கட்டில்தான். லெனின்கிராடில் ஓர் ஒட்டுப்பலகை நிறுவனம், பல வகை மெஷின்களுக்குப் பல வகை மரத்தை எப்படிப் பங்கிட்டால் உற்பத்தி அதிகமாகும் என்று லியோனித் காந்தரோவிச்சிடம் கேட்டது. அவர் 1939-ல் விடையை நூலாக வெளியிட்டார். 1975-ல் அதற்காகப் பொருளாதார நோபல் பரிசில் பங்கு பெற்றார். இன்று எக்செல்லில் இருக்கும் சால்வர் அந்தக் கணக்கை நொடியில் போட்டுத் தரும். ஆனால் கட்டுப்பாடுகளைச் சரியாக எழுதிக்கொடுப்பது உங்கள் வேலை. ட்ரையரை எழுத மறந்தால் அதுவும் மறந்துவிடும்.

தூளின் தரத்தை வைத்து இந்தக் கணக்கைப் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சலிக்கும் மெஷினில் பெருந்தூள், நடுத்தூள், பொடித்தூள் எல்லாம் ஒரே கொழுந்திலிருந்து ஒன்றாகத்தான் விழுகின்றன. டீ பேக்குக்கு நல்ல விலை என்று பொடித்தூளை மட்டும் தனியாகச் செய்ய முடியாது. தரத்துக்குத் தரம் மணி மதிப்புப் போட்டு வரிசைப்படுத்துவது இல்லாத தேர்வைத் தேர்ந்தெடுப்பது. எதைத் தேர்ந்தெடுக்க நிஜமாகவே வழி இருக்கிறதோ, அந்த இடத்தில் மட்டும் இந்தக் கணக்கு செல்லும்.

ஒப்பந்தத்தையும் மறக்கக் கூடாது. வெயில் மாத வரிசை உறைப்பெட்டிக்கு 20 மணிதான் கொடுத்தது, 2,000 பெட்டி. ஓர் ஓட்டலுக்கு 3,000 தருவதாக எழுதிக் கொடுத்திருந்தால்? அதை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத்தான் வரிசைப்படுத்த வேண்டும். கூடுதல் 10 மணி கடைப்பெட்டியிலிருந்து போகும். மணிக்கு 60 வீதம் 600 ரிங்கிட் இழப்பு. ஓட்டலின் உறவுக்கு அந்த 600 கொடுக்கலாமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அது 600 என்று தெரிந்து கொடுங்கள். அதேபோல, உறைப்பெட்டி வாங்கும் கடைக்காரர் அது வராவிட்டால் நூல்பெட்டியையும் வேறு இடத்தில் வாங்கப் போய்விடுவார் என்றால், இரண்டின் தேவையும் தனித்தனி அல்ல. கணக்கு தனித்தனி என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

ஓவர்டைம் விஷயத்தில் பலர் தலைகீழாக நடக்கிறார்கள். “பெட்டிக்கு ரெண்டு வெள்ளி நாப்பது காசு வர்ற சரக்குக்கு யாராவது ஓவர்டைம் கொடுப்பாங்களா?” என்று கேட்கிறார்கள். சரியான வரிசையில் நூல்பெட்டி முன்பே முழுக்க ஓடிவிடும். மெஷின் தட்டுப்பாடாக இருக்கும் மாதத்தில் கூடுதலாகக் கிடைக்கும் ஒரு மணி, விட்டுப்போன உறைப்பெட்டியைச் செய்யும். அதன் மதிப்பு 420 ரிங்கிட். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதை 26 நாளுக்கும் 8 மணிக்கும் வகுத்தால் மணிக்கு 8.17, ஒன்றரை மடங்கு 12.26. நான்கு பேருக்கு ஏறக்குறைய 50 ரிங்கிட். மின்சாரத்தைச் சேர்த்தாலும் 420-க்கு எங்கே, 50-க்கு எங்கே! மாதம் 104 மணிக்கு மேல் யாரிடமும் ஓவர்டைம் வாங்கக் கூடாது என்பது சட்டம், அதற்குள்ளேயே நில்லுங்கள். களைத்தவர் ஓட்டும் மெஷின் மணிக்கு 100 பெட்டி கொடுக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் விட்டுப்போன 60 மணியை ஓட்டி முடித்த மறுநிமிடம் அடுத்த மணியின் மதிப்பு சுழி. சந்தை கேட்காத பெட்டியை ஓட்டிக் கிடங்கில் அடுக்குவது லாபமல்ல.

கடைசியாக, இரண்டாவது டீ பேக் மெஷின் வாங்க வங்கிக் கடன் தாளை மேசையில் வைத்திருப்பவர்களுக்கு. விற்பவர் “உற்பத்தி இரட்டிப்பாகும்” என்பார். நம் தொழிற்சாலையில் அந்த மெஷின் வெயில் மாதத்தில் கொண்டுவரக்கூடியது அதிகபட்சம் 60 மணி, மணிக்கு 420 வீதம் 25,200 ரிங்கிட். அதையும் ஓவர்டைமிலேயே பெருமளவு எடுத்துவிட முடியும் என்று பார்த்தோம். தூள் 1,800 கிலோவில் நிற்கும் மழை மாதத்தில் பழைய மெஷினே 193 மணிதான் ஓடுகிறது. புதியது கொண்டுவருவது ஒரு சென்னும் இல்லை, தவணை மட்டும் வரும். கையெழுத்துக்கு முன் கடந்த 12 மாதத்துப் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு மாதமும் எந்த இடத்தில் சரக்கு குவிந்தது என்று தனித்தனியாகக் குறியுங்கள். பொதி அறையில் குவிந்த மாதங்களை மட்டும் எண்ணி 25,200-ஆல் பெருக்கி, அதில் ஓவர்டைமில் எடுக்க முடிந்ததைக் கழித்துவிட்டு, ஆண்டுத் தவணைக்கு எதிரே எழுதிப் பாருங்கள். மழை மாதங்களே அதிகம் என்று வந்தால், அந்தப் பணம் போக வேண்டிய இடம் வாட்டும் தொட்டியின் விசிறியும் சூடான காற்றும்தான்.